அழுதால் பேட்டி நிறுத்தப்படும்

விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: 'பங்கேற்பாளர் அழ நேர்ந்தால் பேட்டி உடனடியாக நிறுத்தப்படும்.' கூட்டத்துக்கு முந்தின நாள் வீட்டில் வாசித்தபோது எனக்கு அது நல்ல வரியாகத்தான் பட்டது. பென்சிலால் பக்கத்தில் ஒரு டிக்கூடப் போட்டு வைத்தேன்.

ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் நான் பொதுமக்கள் தரப்பு உறுப்பினன். மருத்துவம் படித்தவனில்லை, அதனால்தான் என்னைப் போட்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் எந்த மருத்துவ ஆய்வு செய்வதானாலும், மருந்து கொடுத்தாலும் சரி, வெறும் கேள்வி கேட்டாலும் சரி, இப்படியொரு குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள்தான் எங்களுக்கு வேதம். அதன்படி குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருக்கலாம். தலைவர் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. டாக்டர்களோடு ஒரு வக்கீல், சமூக அறிவியல் தெரிந்த ஒருவர், என்னைப் போல ஒரு சாதாரண ஆள் எல்லோரும் உண்டு. ஐந்து பேராவது வராவிட்டால் கூட்டம் செல்லாது.

அன்றைக்கு வந்திருந்த விண்ணப்பம் ஒரு செவிலியர் கல்லூரி ஆசிரியையுடையது. முனைவர் பட்ட ஆய்வு. 28 வாரத்துக்குப் பிறகு வயிற்றிலேயே இறந்த குழந்தைகள், பிறந்து 28 நாளுக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்த குழந்தைகள். இவர்களுடைய தாய்தகப்பன் இருபது பேரிடம் பேசப் போகிறார். சேதியை யார் சொன்னார்கள், எந்த இடத்தில் வைத்துச் சொன்னார்கள், குழந்தையைக் கையில் வாங்கிப் பார்க்க விட்டார்களா, துணியில் சுற்றி யாரிடம் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்பதுதான் கேள்விகள். இதை வைத்து வார்டில் இருக்கும் நர்சுகளுக்குப் பயிற்சி எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விண்ணப்பப் படிவத்தில் 'அபாயத்தின் அளவு' என்று ஒரு கட்டம் உண்டு. ஐ.சி.எம்.ஆர். அதை நான்கு படியாக வைத்திருக்கிறது. அபாயமே இல்லை என்று சொல்லத்தக்கது முதல் படி. அன்றாட வாழ்க்கையில் இருக்கும் அளவுக்கானது இரண்டாவது. அதைவிடக் கொஞ்சம் கூடுதல் மூன்றாவது. நிஜமாகவே கவலைப்பட வேண்டியது நான்காவது. ஆசிரியை இரண்டாவதில் டிக் அடித்திருந்தார். ஊசி இல்லை, மருந்து இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, பேச்சுதானே என்ற கணக்கு. பேட்டி ஆய்வுகளில் பலரும் செய்கிற தப்பு இது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் அந்த ராத்திரியைப் பற்றி விலாவாரியாகக் கேட்பது அன்றாட வாழ்க்கையில் நடக்கிற காரியமில்லை. உறுப்பினர் செயலர் அதை ஒரு படி ஏற்றி, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பும் விரைவுப் பரிசீலனைக்கு விடாமல், முழுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பதினோராம் பக்கம் வந்தது. எங்கள் குழுவில் சமூகப் பணி கற்பிக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர் கேட்டார்: "ஏம்மா, அவ வீட்டுக்குப் போய், பாயில உட்கார்ந்து, புள்ளையப் பத்திக் கேக்குறீங்க. அவ அழுகுறா. உடனே டேப்ப அணைச்சிட்டு எந்திரிச்சு வந்துருவீங்களா?"

ஆசிரியை பதில் சொல்லவில்லை.

"அவ என்ன நினைப்பா? ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு நினைப்பா. ஏற்கெனவே வீட்ல எல்லாரும் அழாத, அழாதன்னு வாயை மூடி வெச்சிருப்பாங்க. நீங்களும் போய் அதையே செய்வீங்களா?"

நான் பென்சில் டிக்கை அழித்துவிட்டேன்.

கண்ணீரை ஆபத்தாக எடுத்துக்கொள்வது நெறிமுறைக் குழுக்களிடமும் இருக்கிற வியாதிதான். இந்த மாதிரி ஆய்வே வேண்டாம், பாவம் அவர்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுகிற உறுப்பினர்கள் எங்கும் உண்டு. நார்வேயில் காரி டிரெக்ரோவ் என்கிற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்த இடத்தில் உதவுகிறது. தற்கொலையிலும் விபத்திலும் தொட்டில் மரணத்திலும் பிள்ளைகளை இழந்த பெற்றோரிடம், ஆய்வில் கலந்துகொண்டது எப்படி இருந்தது என்று அவர் கேட்டார். பேசும்போது வலித்தது என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் கலந்துகொண்டதற்காக வருந்துவதாக ஒருவரும் சொல்லவில்லை. நார்வேயில் நடந்தது இங்கே அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வலிப்பதும் கெடுதல் செய்வதும் வேறு வேறு என்பதற்கு அது ஒரு சாட்சி.

அப்படியானால் விண்ணப்பத்தில் என்னதான் எழுத வேண்டும்? பேசலாமா, அழலாமா, நிறுத்தலாமா என்ற தீர்மானம் ஒவ்வொரு கட்டத்திலும் யார் கையில் இருக்கிறது என்பதை எழுத வேண்டும். அந்த விண்ணப்பம் மூன்று மாதத்தில் இரண்டு முறை எங்களிடம் திரும்பி வந்தது. திருத்தங்கள் எல்லாமே இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான்.

முதல் சிக்கல் பெற்றோரைக் கண்டுபிடிப்பதிலேயே இருந்தது. வார்டுப் பதிவேட்டிலிருந்து பெயரையும் போன் நம்பரையும் எடுத்து வாட்ஸ்அப்பில் சேதி அனுப்புவதாக எழுதியிருந்தார். மாதிரிச் சேதியும் இணைத்திருந்தார்: 'குழந்தை இறப்பு குறித்த ஆய்வில் பங்கேற்க அழைப்பு.' அட்மிஷன் சீட்டில் இருப்பது பெரும்பாலும் கணவனுடைய நம்பர். அந்தப் போன் வீட்டில் யார் கையில் இருக்கும்? மூத்த பிள்ளை கேம் விளையாடிக்கொண்டிருக்கும். சேதி திரையின் மேலே வந்து நிற்கும். தம்பிப் பாப்பா ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கும் வீடாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, சிகிச்சை கொடுத்த இடம் நோயாளியின் நம்பரை அவரைக் கேட்காமல் ஆய்வாளரிடம் தருவதே சரியில்லை. திருத்திய விண்ணப்பத்தில் அந்த வேலை வார்டு சிஸ்டருக்குப் போனது. பெற்றோருக்கு முகம் தெரிந்தவர் அவர். அவர் ஒரு முறை கூப்பிட்டு, இப்படி ஒருவர் பேச விரும்புகிறார், உங்கள் நம்பரைத் தரலாமா, எந்த நம்பர், எந்த நேரம் என்று மட்டும் கேட்பார். சரி என்றால்தான் நம்பர் கைமாறும். பதில் வராவிட்டால் இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிடலாம். அதற்கு மேல் கிடையாது.

எத்தனை நாள் கழித்துக் கூப்பிடலாம்? இதற்கென்று பொதுவான நாள்கணக்கு கிடையாது; ஆய்வாளர்தான் காரணத்தோடு ஒன்றை வைக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தில் ஒரு மாதம் என்று இருந்தது. ஒரு மாதத்தில் தாயின் உடம்பே தேறியிருக்காது. குழந்தை இல்லாவிட்டாலும் பால் கட்டிக்கொண்டு வலிக்கிற காலத்தைத் தாண்டி வந்து அதிக நாள் ஆகியிருக்காது. அதே சமயம் ஐந்தாறு வருஷம் தள்ளிப்போனால் வார்டில் நடந்த விவரங்கள் மங்கிவிடும். கடைசியில் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை என்று முடிவானது. அதற்குள்ளும் சில நாட்களைத் தவிர்க்கச் சொன்னோம். குழந்தை பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஆசிரியைக்கே தோன்றியிருந்தன. டாக்டர் சொல்லியிருந்த பிரசவ தேதி அவருக்குத் தோன்றவில்லை. எட்டாம் மாதத்தில் குழந்தை போன வீட்டில் அந்தத் தேதியும் காலண்டரில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது தகவல் தாள். பேட்டிக்கு முன்னால் பெற்றோர் கையில் கொடுக்கும் இரண்டு பக்கத் தாள் இது. சம்மதப் படிவம் இதற்குப் பிறகுதான் வரும். முதல் வரி இப்படி இருந்தது: 'இவ்வாய்வானது பிறப்புசார் காலகட்ட இறப்பினை எதிர்கொண்ட பெற்றோரின் உளவியல்சார் அனுபவங்களைக் கண்டறியும் நோக்குடன் மேற்கொள்ளப்படுகிறது.' நான் அங்கே உட்கார்ந்திருப்பதே இதற்காகத்தான். எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். இங்கிலீஷில் எழுதிவிட்டுப் பிறகு தமிழாக்கியதாகச் சொன்னார். குழுவுக்கு இரண்டும் வேண்டும், நிஜம்தான். ஆனால் பெற்றோர் வாசிக்கப் போவது தமிழ்த் தாளை. அதை முதலில் தமிழில் எழுதிவிட்டு இங்கிலீஷை அப்புறம் செய்யலாமே என்றோம்.

இரண்டாம் முறை வந்தபோது தாள் இப்படித் தொடங்கியது: 'உங்கள் குழந்தை இந்த ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. அந்த நாட்களில் இங்கே உங்களை எப்படி நடத்தினார்கள், என்ன சொன்னார்கள், எது உதவியாக இருந்தது, எது வருத்தியது என்று உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.' எங்களில் ஒருவர் 'இறந்துபோனது' என்ற சொல்லுக்கு முகம் சுளித்தார். 'தவறிவிட்டது' என்று போடலாம் என்றார். ஊர்ப்பக்கம் இதற்கு ஏகப்பட்ட சொல் இருக்கிறது. குழந்தை தங்கலை என்பார்கள், நிக்கலை என்பார்கள், சாமிகிட்ட போயிருச்சு என்பார்கள். எழுத்தில் நேரான சொல்லே இருக்கட்டும், பேட்டியில் அந்த வீட்டார் சொல்கிற சொல்லையே நீங்களும் சொல்லுங்கள் என்று முடித்தோம். இந்த ஒரு சொல்லுக்கு இருபது நிமிஷம் ஆனது. வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று தாளில் இருந்தது. பேட்டிக்கு வருகிறவர் யார் என்று பெற்றோர் நினைப்பார்கள் என்பதை ஆசிரியை யோசித்திருக்கவில்லை. ஒரு குழந்தை இறந்தால் அரசாங்கத்தின் குழந்தை இறப்பு ஆய்வு என்று ஒரு நடைமுறை உண்டு. சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து எப்போது காய்ச்சல் வந்தது, எப்போது வண்டி கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொருவர் நோட்டோடு வந்தால் இதுவும் விசாரணை என்றே எடுத்துக்கொள்வார்கள். டாக்டர் மேல் நடவடிக்கை வரும் என்று ஒருவர் நம்பலாம். நிவாரணத் தொகை வரும் என்று இன்னொருவர் நம்பலாம். அந்த நம்பிக்கையில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

ஆகவே இந்த வரிகள் சேர்ந்தன: 'இது விசாரணை அல்ல. குழந்தை ஏன் இறந்தது என்று கண்டுபிடிக்கவோ, நிவாரணம் வாங்கித் தரவோ என்னால் முடியாது. இது மனநலச் சிகிச்சையும் அல்ல. உங்களுக்குப் புகார் இருந்தால் எங்கே கொடுக்கலாம் என்ற விவரம் தனித் தாளில் இருக்கிறது.' கூடவே இன்னொரு வரி: 'நீங்கள் வரமாட்டேன் என்று சொன்னாலும், ஆஸ்பத்திரியைக் குறை சொன்னாலும், அடுத்த பிரசவத்துக்கு இங்கே வரும்போது உங்களை நடத்துவதில் எந்த மாற்றமும் இருக்காது. நீங்கள் சொன்னது வார்டில் யாருக்கும் தெரியாது.' இதை எழுதிக்கொடுத்துவிட்டு வெள்ளைச் சீருடையில் போய் நின்றால் எழுத்துக்கு மதிப்பில்லை. சேலையில் போகிறேன் என்று ஆசிரியையே சொன்னார். அவர் மாணவிகளோடு வேலை செய்த வார்டில் குழந்தையை இழந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்றும் எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்துக்கு வருவோம். தாளைக் கொடுத்து யோசிக்கப் போதிய அவகாசம் விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் கைநாட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் வழிகாட்டியிலேயே இருக்கிற விஷயம். வழிகாட்டியில் இல்லாத விஷயம் மாமியார். அந்த வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருப்பார்; "அவகிட்ட எதுக்கு, நானே சொல்றேன்" என்பார். கணவன் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட வருவான். தாய்க்குத் தனிப் படிவம், தகப்பனுக்குத் தனிப் படிவம், பேட்டியும் தனித்தனி, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்வதில்லை என்று எழுதினால் மட்டும் போதுமா? தனியாகப் பேச வீட்டில் இடம் இல்லாவிட்டால் என்ன செய்வார் என்றும் எழுத வேண்டும். பக்கத்து அங்கன்வாடி மையம் மத்தியானத்துக்கு மேல் காலியாக இருக்கும், அனுமதி வாங்கிக்கொள்கிறேன் என்று முதலில் எழுதியிருந்தார். அங்கன்வாடியில் சுவரெல்லாம் குழந்தைப் படம். அதை யாரோ சுட்டிக்காட்டியதும் அவரே அடித்துவிட்டு நூலகக் கட்டடம் என்று மாற்றினார்.

படிவத்தில் ஒரே கையெழுத்துக்குப் பதிலாகத் தனித்தனிக் கட்டங்கள் வந்தன. பேசச் சம்மதம் ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று, சொன்னதை அப்படியே மேற்கோளாக ஆய்வேட்டில் போட ஒன்று, பிற்பாடு மறுபடி கூப்பிட ஒன்று. பேசுகிறேன், ஆனால் பதிவு வேண்டாம் என்று சொல்கிறவரையும் சேர்த்துக்கொள்ளலாம். கையால் குறிப்பெடுத்தால் ஆயிற்று.

'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வழக்கமான வாக்கியத்தையும் வக்கீல் விடவில்லை. எப்போது வேண்டுமானாலும் என்றால்? புத்தகம் அச்சான பிறகுமா? பேட்டி முடிந்து 14 நாளுக்குள் சொன்னால் பதிவும் எழுத்தும் அழிக்கப்படும். அதற்குப் பிறகு பெயரை எடுத்துவிட்டு மற்றவர்கள் சொன்னதோடு சேர்த்துவிடுவதால் பிரித்தெடுக்க முடியாது என்று தேதியோடு எழுதச் சொன்னார். செய்ய முடியாத வாக்குறுதியைவிடச் சின்ன வாக்குறுதி மேல்.

சம்மதம் கையெழுத்தோடு முடிவதுமில்லை. தாளில் வாசித்தபோது சரி என்று பட்டது, குழந்தையை அடக்கம் செய்த கதைக்கு வரும்போது சரி என்று படாமல் போகலாம். எங்கள் பக்கம் பச்சிளம் குழந்தையைப் புதைப்பார்கள். தாயை அங்கே விடமாட்டார்கள். எந்த இடம் என்றே தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால், 'அடுத்து அடக்கம் செய்ததைப் பத்திக் கேக்கலாம்னு இருக்கேன். கேக்கட்டுமா, விட்டுறட்டுமா?' என்று கேட்டுவிட்டுப் போவதாகப் பேட்டி வரைவிலேயே சேர்த்தார்.

இப்போது பதினோராம் பக்கம். துயர நெறிமுறை என்று அதற்குப் பெயர். பேட்டியின் நடுவே பேசுகிறவர் நிலைகுலைந்தால் என்ன செய்வது என்ற எழுத்துத் திட்டம். அமெரிக்காவில் கிளேர் டிராக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஒரு மாதிரியைப் பலரும் பின்பற்றுகிறார்கள்: என்ன அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது, நிறுத்தியதும் என்ன கேட்பது, பதிலைப் பொறுத்து யாரைக் கூப்பிடுவது என்று படிப்படியாகப் போகும். ஆசிரியை அதை நம் ஊருக்கு ஏற்ப மூன்று நிலையாக எழுதிவந்தார்.

முதல் நிலை அழுகை. இதற்கு நிறுத்துவதில்லை. கேள்வியை விட்டுவிட்டுச் சும்மா இருப்பது. அவசரமாகத் தண்ணீரை நீட்டுவதும் கைக்குட்டையைத் திணிப்பதும்கூட 'போதும், நிறுத்து' என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்ல வேண்டியதை அப்படியே எழுதியிருந்தார்: 'இப்படியே கொஞ்சம் உக்காந்திருக்கலாம். பேசணும்னு தோணுனா பேசுங்க. வேற ஏதாவது பேசணும்னாலும் சரி, இன்னைக்குப் போதும்னாலும் சரி.' மூன்று வழியும் திறந்திருக்கிறது. தேர்வு அந்தத் தாயுடையது.

இரண்டாம் நிலையில் அழுகையே இருக்காமல் போகலாம். கை நடுங்கும், மூச்சு வாங்கும், அல்லது கண் ஓரிடத்தில் நிலைத்துவிடும். கேட்டது காதில் விழாது. அந்த ஆள் இங்கே இல்லை, அந்த வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். இங்கே பதிவை அணைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது உங்கள் வீடு, வெளியே மணி என்ன என்று இந்த நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மூன்று கேள்வி: இப்போது மனசில் என்ன ஓடுகிறது? இன்றைக்கு ராத்திரி கூட யார் இருப்பார்கள்? இதற்கு முன்னாலும் இப்படி வந்திருக்கிறதா? அவர் தொடரலாம் என்று சொன்னாலும் அன்றைக்குத் தொடர்வதில்லை. வேண்டுமானால் வேறொரு நாள். தீர்மானத்தில் ஒரு பங்கை ஆய்வாளர் தன் கைக்கு எடுத்துக்கொள்கிற முதல் இடம் இது. அதனால் இதைத் தகவல் தாளிலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்றாம் நிலை உயிருக்கு ஆபத்து. 'சாக வேண்டும் என்று கூறினால் மனநல மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும்' என்று எழுதியிருந்தார். சமூகப் பணி அம்மா சிரித்துவிட்டார். நம் ஒப்பாரியில் வராத சாவா? 'என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா' என்று சொல்லாத தாய் உண்டா? ஒவ்வொன்றுக்கும் டாக்டரைக் கூப்பிட்டால் ஒரு பேட்டியும் முடியாது. ஒன்றையுமே கண்டுகொள்ளாவிட்டால் நிஜமான ஒன்று கைநழுவும். பிரித்தறிய ஒரே வழி நேராகக் கேட்பது: 'செத்துப்போயிரலாம்னு நிஜமாவே தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டது சிலருக்கு ஆசுவாசமாகக்கூட இருக்கலாம்.

இல்லை, வலியில் சொன்னேன் என்றால் அதைக் குறித்துக்கொண்டு, உதவி எண்களைக் கொடுத்து, மறுநாள் கூப்பிடுவது. ஆமாம், யோசித்திருக்கிறேன் என்றால் அவரைத் தனியே விட்டு வரக் கூடாது. ஒப்புக்கொண்டிருக்கும் மனநல மருத்துவரை அங்கிருந்தே கூப்பிடுவது. வீட்டில் அவர் நம்புகிற ஒருவரிடம், அவரே கைகாட்டும் ஒருவரிடம், சொல்வது. விவசாய வீடானால் பூச்சிமருந்தை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்வது. அன்றே வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரிவித்து, எங்கள் குழுவுக்கும் எழுத்தில் தருவது. 'சொன்னது எதுவும் வெளியே போகாது' என்ற வாக்கு இங்கே உடைகிறது. உடையும் என்பதைச் சம்மதம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்: 'உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால் மட்டும் வேறொருவரிடம் சொல்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே சொல்வேன்.' முதல் வரைவில் 'முழு ரகசியம் காக்கப்படும்' என்று இருந்தது. அதை நம்பி ஒருத்தி வாயைத் திறந்தபின் நாம் டாக்டருக்குப் போன் போட்டால் அது ஏமாற்று.

எழுத்தில் எல்லாம் சரி. உதவிக்கு யார்? 'தேவைப்படின் ஆலோசனைக்குப் பரிந்துரைக்கப்படும்' என்ற வாக்கியம் எனக்குத் தெரிந்து எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. தலைவர் கேட்டார்: "பேட்டி எந்தக் கிழமையில வெச்சிருக்கீங்க?" கூலி வேலைக்குப் போகிற தகப்பன்மார் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார்கள், அதனால் ஞாயிறு என்றார் ஆசிரியை. மனநல வெளிநோயாளர் பிரிவு ஞாயிறு கிடையாது. இணைப்பில் கொடுத்திருந்த ஆலோசகரின் நம்பரை நீங்கள் கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வி. இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இதை அவரே இரண்டாம் கூட்டத்தில் சொன்னார். இப்போது இணைப்பில் ஒரு மனநல மருத்துவரின் கையெழுத்திட்ட கடிதம் இருந்தது: இன்னின்ன ஞாயிறுகளில் காலை பத்து முதல் மாலை ஆறு வரை போனில் இருப்பேன், கட்டணம் இல்லை, தேவையானால் திங்களன்று பார்ப்பேன் என்று. கூடவே மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, மாநிலத்தின் 104 இரண்டும் தாளில் இருந்தன. இரண்டையும் தானே கூப்பிட்டு, தமிழில் பேசுகிறார்களா, எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று குறித்திருந்தார். மறுநாள் ஒரு போன், 14ஆம் நாள் ஒரு போன். இரண்டுக்கும் அனுமதி படிவத்திலேயே.

பேட்டி எடுப்பவரின் மனசைப் பற்றி முதல் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை. வாரத்துக்கு இரண்டு பேட்டிக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றுக்குப் பிறகும் வழிகாட்டியோடு அரை மணி நேரம் பேசுவது என்று சேர்த்தோம். பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவரும் அதே அழுகையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆசிரியை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு டி.டி.பி. கடையில் கொடுப்பதாக இருந்தார். சின்ன ஊர், அங்கே டைப் அடிக்கிற பெண்ணுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. தானே அடித்துக்கொள்வதாக மாற்றினார். கால அட்டவணையில் நான்கு மாதம் கூடியது.

கடைசியாக மிச்சமிருந்தது பெயர். பெயர்கள் மாற்றப்படும், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படும் என்பது எல்லா ஆய்விலும் இருக்கிற விதி. நாங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போகத் தயாராக இருந்தோம். அப்போது ஆசிரியை ஒன்று கேட்டார். வார்டில் குழந்தையின் கையில் கட்டும் பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டுத் தாயின் பெயர் இருக்கும். கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான், கடைசிச் சீட்டிலும் அப்படித்தான். சில தாய்மார் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். என் ஏட்டிலும் பெயரை மாற்றி 'குழந்தை 7' என்று போட வேண்டுமா சார்?

வக்கீல் அடையாளம் தெரிந்துவிடும் என்றார். சமூகப் பணி அம்மா, தாய் சம்மதித்தால் போடலாம் என்றார். ஒற்றைப் பெயரை வைத்து வெளியாள் யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் குடும்பத்தார் படித்தால் தெரியும், அதைத் தாயிடம் சொல்லிவிட்டுக் கேட்கலாம் என்றார் தலைவர். ஏட்டுக்கு ஒரு பதிலும் பேட்டி நடக்கும் அறைக்கு ஒரு பதிலும் வேண்டியிருந்தது. ஏட்டில் பெயர் வருவதைத் தாயின் தனிச் சம்மதத்துக்கு விட்டோம். அறைக்காகச் சம்மதப் படிவத்தின் முடிவில், தேதிக்கும் கையெழுத்துக்கும் மேலே, ஒரு வரி சேர்ந்தது. ஒப்புதல் கடிதத்தோடு வந்த பிரதியில் அது இருக்கிறது:

'குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தீர்களா? நாம் பேசும்போது நான் எப்படிக் கூப்பிட வேண்டும்? ____________'